மூணு நிமிஷ பிரேயர் பேச்சு: புளூடூத், ஹாட்ஸ்பாட்டை அணைக்கச் சொல்லி பசங்ககிட்ட எப்படிப் பேசுறது?

தண்டையார்பேட்டை டீச்சர் | ஜூன் 12, வெள்ளி, இரவு 8:10

திங்கட்கிழமை காலை பிரேயரில் எனக்கு மூணு நிமிஷம். தலைப்பு: தேவையில்லாதபோது புளூடூத்தும் ஹாட்ஸ்பாட்டும் அணைத்து வைப்பது. ஆறு முதல் பன்னிரண்டு வரை எல்லா வகுப்பும் நிற்கும். பள்ளிக்குள் போன் கிடையாது, அதனால் வீட்டுப் போனை வைத்துத்தான் பேச வேண்டும். என் வரைவின் முதல் வரி இது: "புளூடூத் ஆனில் இருந்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் போனுக்குள் வந்து எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள்." சரியா? தப்பென்றால் எங்கே தப்பு என்று சொல்லுங்கள். பாராட்டு வேண்டாம்.

ராயபுரம் சர்வீஸ் கடை | 8:32

டீச்சர், சரிதான். அதோட பேட்டரியையும் சேர்த்துச் சொல்லுங்க. புளூடூத் நாள் பூரா பேட்டரியைக் குடிக்கும். இன்னொண்ணு, அணைக்கவே வேண்டாம், மறைவா வச்சாப் போதும். மத்தவங்க தேடும்போது பேரு தெரியாது. பேரே தெரியாதவன் போனுக்குள்ள எப்படி வருவான்?

பாக்கெட் பார்க்கிறவன் | 9:05

அண்ணே, ரெண்டுமே பாதிதான் சரி.

பேட்டரி: எதோடும் சேராமல் சும்மா ஆனில் இருக்கும் புளூடூத் இன்றைய போனில் எடுப்பது மிகக் குறைவு. அணைத்துப் பார்த்த பையனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, அடுத்த முறை டீச்சர் சொல்வதையும் நம்ப மாட்டான். ஹாட்ஸ்பாட் கதை வேறு. மொபைல் டேட்டாவும் வைஃபை ரேடியோவும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு வேலை செய்யும். போனின் முதுகு சுடுகிறதே, அது அதனால்தான். பேட்டரியைச் சொல்வதென்றால் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் சொல்லுங்கள்.

மறைவு: ஆண்ட்ராய்டு போன் பொதுவாகவே மறைவில்தான் இருக்கிறது. புளூடூத் அமைப்புப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில்தான் மற்றவர் தேடலில் பெயர் வரும். ஆனால் பெயர் தெரியவில்லை என்பதற்கும் கதவு பூட்டியிருக்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை. போனின் புளூடூத் முகவரி தெரிந்தவன் பெயரைத் தேடாமல் நேராகக் கதவைத் தட்டலாம். இயர்பட்ஸோடு போன் பேசிக்கொண்டிருக்கும்போது காற்றில் போகும் தகவல் பொட்டலங்களிலிருந்து அந்த முகவரியைப் பிடிக்கும் கருவிகள் இருக்கின்றன.

டீச்சரின் முதல் வரி: "யார் வேண்டுமானாலும்", "எல்லாவற்றையும்" இரண்டையும் எடுத்துவிடுங்கள். மிச்சத்துக்குக் காரணம் நாளை எழுதுகிறேன், சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.

கொருக்குப்பேட்டை பிளஸ் டூ | 9:20

ரெண்டையும் எடுத்தா அந்த வரில மிஞ்சுறது "புளூடூத்"தான் மிஸ்.

வியாசர்பாடி அப்பா | 9:48

நல்ல தலைப்பு. எங்க வீட்டுப் பிரச்சனையே இதுதான். சாயங்காலம் ஆனா டிவிக்குக் கீழ இருக்கிற சவுண்ட்பார்ல திடீர்னு யாரோ கேம் ஆடுற சத்தம் கேக்குது. போன்ல புளூடூத் ஆஃப் பண்ணிட்டேன், பையன் போன்லயும் ஆஃப். அப்படியும் வருது. இது ஹேக்கிங்கா?

பாக்கெட் பார்க்கிறவன் | ஜூன் 13, சனி, காலை 7:15

வியாசர்பாடி சார், ஹேக்கிங் இல்லை, பக்கத்து வீட்டுப் பையன். உங்கள் போனை அணைத்து இதில் ஒரு பலனும் இல்லை, ஏனென்றால் கதவு திறந்திருப்பது சவுண்ட்பாரில். ஸ்பீக்கரில் திரையும் கிடையாது, எண் கேட்கும் வசதியும் கிடையாது. சேர்க்கும் நிலையில் இருக்கும்போது யார் தொட்டாலும் சரி என்று சேர்ந்துகொள்ளும். ஒரு தடவை சேர்ந்த போனை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை அந்தப் போன் கூப்பிட்டாலே ஓடிப்போகும். ஹவுசிங் போர்டு வீடுகளில் நடுவில் ஒரே ஒரு சுவர், பத்து மீட்டர் என்பது அதைத் தாராளமாகத் தாண்டும்.

சவுண்ட்பாரின் சேர்ப்புப் பட்டியலை அழியுங்கள். நிறைய மாடல்களில் புளூடூத் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் அழியும். சிலவற்றில் ரீசெட்தான் வழி, கூட வந்த தாளைப் பாருங்கள். பிறகு டிவி பார்க்கும்போது புளூடூத் நிலையில் விடாமல் கேபிள் வழிக்கு மாற்றி வையுங்கள்.

டீச்சர், இப்போது உங்கள் விஷயம். 2023 டிசம்பரில் மார்க் நியூலின் என்ற ஆய்வாளர் ஒரு ஓட்டையை வெளியிட்டார். அதன் எண் CVE-2023-45866. புளூடூத் தூரத்துக்குள் நிற்கும் ஒருவன் தன் லேப்டாப்பை "நான் ஒரு கீபோர்டு" என்று சொல்லவைக்கிறான். வழக்கமாக இந்த இடத்தில் போன் உங்களிடம் "சேர்க்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். இந்த ஓட்டையில் கேட்காமலே சேர்த்துக்கொள்கிறது. அதன்பின் அவன் தட்டுவது எல்லாம் உங்கள் போனில் நீங்களே தட்டியதாகப் போகும். ஆண்ட்ராய்டில் இதற்கு வேண்டியது ஒன்றுதான்: புளூடூத் ஆனில் இருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு 11 முதல் 14 வரை தீர்வு வந்துவிட்டது. 4.2.2 முதல் 10 வரை வரவில்லை. அதாவது ஆண்ட்ராய்டு 10 ஓடும் பழைய போனுக்கு, தேவையில்லாதபோது புளூடூத்தை அணைப்பது நல்ல பழக்கம் என்று நிற்கவில்லை, கையில் இருக்கும் ஒரே பூட்டே அதுதான். நம் பக்கத்தில் அம்மாவின் பழைய போன் பிள்ளைக்கு, பிள்ளையின் பழைய போன் பாட்டிக்கு என்று இறங்கிவரும். வீட்டில் ஆகப் பழைய போன் யார் கையில் என்று கேட்டாலே பசங்களுக்குப் புரிந்துவிடும்.

ராயபுரம் சர்வீஸ் கடை | 7:50

தம்பி, கடைக்கு வர்ற போன்ல பாதி அந்த வயசுதான். ஆனா பூட்டுன போன்ல கீபோர்டு வச்சு என்ன கிழிக்க முடியும்? பின் கேக்குமே?

பாக்கெட் பார்க்கிறவன் | 8:04

இந்தக் கேள்விக்காகத்தான் "எல்லாவற்றையும்" என்ற சொல்லை எடுக்கச் சொன்னேன். பின், கைரேகை கேட்கும் எதையும் இந்த வழியில் தாண்ட முடியாது. திரை பூட்டியிருந்தால் அவனுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். நீங்கள் போனைத் திறந்து கையில் வைத்திருக்கும் நேரம்தான் அவனுக்கு வேண்டும். அப்போது ஒரு செய்தி அனுப்பலாம், ஒரு தளத்தைத் திறக்கலாம், ஒரு செயலியை இறக்கலாம். தூரமும் ஒரு எல்லை. ஊர்க்கோடியில் உட்கார்ந்துகொண்டு முடியாது, அதே ரயில் பெட்டியில் இருக்க வேண்டும்.

நடந்தால் தெரியுமா என்றால், கவனித்தால் தெரியும். வெளிக் கீபோர்டு சேர்ந்துவிட்டால் தட்டச்சு செய்யும் இடத்தைத் தொட்டாலும் திரைக் கீபோர்டு பெரும்பாலும் எழும்பாது. மேலே அறிவிப்புப் பட்டையில் வெளிக் கீபோர்டு பற்றி ஒரு வரி வந்து நிற்கும். சேர்ந்த சாதனங்களின் பட்டியலில் உங்களுக்குச் சம்பந்தமில்லாத கீபோர்டு படம் இருக்கும். பார்த்த உடனே புளூடூத்தை அணைத்து, பிறகு அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை டீச்சர் | 10:30

இது நன்றாக இருக்கிறது, பசங்க கேட்பார்கள். ஆனால் வீட்டுப் போன் எந்தப் பக்கம் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்?

பாக்கெட் பார்க்கிறவன் | 10:52

செட்டிங்ஸில் கடைசி வரை இறங்கினால் போனைப் பற்றிய பக்கம். அதில் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால் உள்ளே `Android security update` என்று ஒரு தேதி இருக்கும். சில போனில் `security patch level` என்று இருக்கும். அந்தத் தேதி இதுவாகவோ இதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும்:

```
2023-12-05
```

எடுத்துக்காட்டுக்கு இரண்டு போன். முதலாவதில் பதிப்பு 12, தேதி 2024 மார்ச். இந்த ஓட்டை அடைபட்டது. வேறு ஓட்டை நாளைக்கு வரலாம், ஆனால் பயந்து நிற்க வேண்டியதில்லை. இரண்டாவதில் பதிப்பு 11, தேதி 2022 ஆகஸ்ட். பதிப்பைப் பார்த்து "11-க்குத்தான் தீர்வு வந்துவிட்டதே" என்று விட்டுவிடுவோம். தப்பு. கூகுள் தீர்வைக் கொடுத்தது, அதைப் போன் கம்பெனி இந்த மாடலுக்கு அனுப்பவில்லை. இதையும் ஆண்ட்ராய்டு 10 போல நடத்த வேண்டும். பதிப்பைப் பார்க்காதே, தேதியைப் பார் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

ஐபோன் வீட்டில் இருந்தால் நிலைமை கொஞ்சம் வேறு. அதோடு ஆப்பிளின் மேஜிக் கீபோர்டு சேர்த்திருந்தால்தான் இந்தத் தாக்குதல். அதுவும் ஐஓஎஸ் 17.2-இல் சரியானது.

கொருக்குப்பேட்டை பிளஸ் டூ | 11:15

மேல இருந்து இழுத்து புளூடூத் பொத்தானை அமுக்குனா ஆஃப்தானே? இதுக்கு ஒரு பேச்சா? மூணு விநாடி வேலை.

பாக்கெட் பார்க்கிறவன் | 11:40

தம்பி, அந்த மூணு விநாடியில்தான் ஏமாறுகிறார்கள்.

ஐபோனில் மேலிருந்து இழுத்து புளூடூத்தைத் தொட்டால் அது அணைவதில்லை. சேர்ந்திருந்த கருவிகளை மட்டும் நாளை வரை விலக்கி வைக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். உண்மையில் அணைக்க செட்டிங்ஸுக்குள் போய்ப் புளூடூத் பக்கத்தில் அணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 15-இலும் புளூடூத் பொத்தானைத் தொட்டால் விரியும் பெட்டியில், நாளைக்குத் தானாக மறுபடி ஆன் ஆவதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது ஆனில் இருந்தால் இன்று அணைத்தது நாளை எழுந்துவிடும். பசங்க "நான் அணைச்சேன் மிஸ்" என்று சத்தியம் செய்வார்கள், பொய்யும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாக்கெட் பார்க்கிறவன் | 11:47

மேலே எழுதியதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் புளூடூத் அணைந்திருந்தாலும், லொக்கேஷன் பக்கத்தில் `Bluetooth scanning` என்ற சுவிட்ச் ஆனில் இருந்தால், இடம் கண்டுபிடிக்கப் போன் சுற்றிலும் தேடிக்கொண்டுதான் இருக்கும். பிரேயரில் இதைச் சொல்ல வேண்டாம், குழம்புவார்கள். யாராவது கேட்டால் பதில் கையில் இருக்கட்டும் என்று எழுதினேன்.

ராயபுரம் சர்வீஸ் கடை | மதியம் 1:20

ஹாட்ஸ்பாட்டை எல்லாரும் மறந்துட்டீங்களே. எங்க பக்கம் அதுதான் தலைவலி. பாஸ்வேர்டு என்னன்னு பாத்தா பத்துக்கு ஏழு 12345678.

தண்டையார்பேட்டை டீச்சர் | 1:45

அதற்குத்தான் வருகிறேன். "ஹாட்ஸ்பாட் ஆனில் இருந்தால் டேட்டா தீரும்" என்று எழுதியிருக்கிறேன். யாரும் சேராவிட்டாலுமா தீரும்?

பாக்கெட் பார்க்கிறவன் | 2:30

யாரும் சேராவிட்டால் டேட்டா போகாது, பேட்டரிதான் போகும். ஆனால் யாரும் சேரவில்லை என்று எப்படித் தெரியும்? அதுதான் இங்கே முக்கியம்.

ஒரு நாள் மாலை நண்பனுக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்தீர்கள், பாஸ்வேர்டு சொன்னீர்கள். அவன் போன் அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் சேமித்து வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து உங்கள் ஹாட்ஸ்பாட் ஆனில் இருந்து அவன் பக்கத்தில் வந்தாலே, அவன் எதையும் தொடாமல், அவனுக்கே தெரியாமல், அவன் போன் ஏறிக்கொள்ளும். சில போன்கள் வைஃபை கிடைத்துவிட்டது என்று நினைத்து ஃபோட்டோ பேக்கப், செயலி அப்டேட் எல்லாவற்றையும் அப்போதுதான் தொடங்கும். திருட வேண்டும் என்று யாரும் நினைக்கவே இல்லை, ஆனால் ஒன்றரை ஜிபி போய்விடலாம். லேப்டாப் சேர்ந்தால் இன்னும் மோசம். விண்டோஸ் பல நேரம் ஹாட்ஸ்பாட்டையும் சாதாரண வைஃபையாகவே நினைத்து அப்டேட்டை இறக்கும். அந்த இணைப்பின் பக்கத்தில் `Metered connection` என்பதை ஆன் செய்தால் பெரும்பாலான இறக்கங்கள் நிற்கும்.

தீர்ந்தபின் என்ன ஆகும் என்பதைக் கணக்காகச் சொல்லுங்கள், பசங்களுக்குப் பிடிக்கும். நாள் அளவு முடிந்ததும் பெரும்பாலான பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். அது விநாடிக்கு 64 கிலோபிட், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 8 கிலோபைட். மூன்று எம்பி ஹோம்வொர்க் ஃபோட்டோ என்பது 3072 கிலோபைட். 3072-ஐ எட்டால் வகுத்தால் 384 விநாடி, ஆறு நிமிடத்துக்கு மேல். ஒரே ஒரு ஃபோட்டோவுக்கு.

கொருக்குப்பேட்டை பிளஸ் டூ | 2:41

உங்க பேச்சே மூணு நிமிஷம்தானே மிஸ். ரெண்டு தடவை பேசி முடிச்சாலும் ஃபோட்டோ போய்ச் சேராது.

தண்டையார்பேட்டை டீச்சர் | 2:50

இந்த வரியை எடுத்துக்கொள்கிறேன் தம்பி.

ராயபுரம் சர்வீஸ் கடை | 3:15

பாஸ்வேர்டை மாத்துனா தீர்ந்துச்சே? எதுக்கு ஆஃப் பண்ணணும்?

பாக்கெட் பார்க்கிறவன் | 3:40

மாற்றினால் பழைய ஆட்கள் எல்லோரும் வெளியே, அது சரிதான் அண்ணே. ஆனால் அடுத்த வாரம் இன்னொரு நண்பனுக்குப் புது பாஸ்வேர்டு போய்விடும். அணைத்திருந்தால் யாருக்குப் பாஸ்வேர்டு தெரிந்தாலும் கவலையில்லை. இரண்டையும் செய்வதுதான் வழி. எட்டு எழுத்துக்குக் குறைந்து வைக்க முடியாது என்பதால்தான் எல்லோரும் 12345678-இல் போய் நிற்கிறார்கள். போன் நம்பரும் வேண்டாம், அது தெருவுக்கே தெரியும். பாதுகாப்பு என்ற இடத்தில் `None` இருந்தால் பாஸ்வேர்டே கிடையாது, `WPA2` அல்லது `WPA3` இருக்க வேண்டும்.

அணைக்க மறப்பவர்களுக்கு ஒரு உதவி. ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே `Turn off hotspot automatically` என்று ஒரு சுவிட்ச் பல ஆண்ட்ராய்டில் உண்டு. சேர்ந்திருப்பவர் யாரும் இல்லாமல் கொஞ்ச நேரம் போனால் தானே அணைந்துவிடும். ஆனால் பக்கத்து வீட்டுப் போன் சேர்ந்தே இருந்தால் அது ஒருநாளும் அணையாது. எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையும் பல போனில் அதே பக்கத்தில் இருக்கும், அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வியாசர்பாடி அப்பா | மாலை 6:05

நம்ம ஹாட்ஸ்பாட்ல வேற ஒருத்தன் தப்பு பண்ணா நம்ம மேலதான் வருமா?

பாக்கெட் பார்க்கிறவன் | 6:30

வெளியே தெரிவது உங்கள் சிம்தான் சார். ஹாட்ஸ்பாட்டில் ஏறியவர் யார் என்று மொபைல் நிறுவனத்துக்குத் தெரியாது, எல்லாமே உங்கள் எண்ணிலிருந்து போனதாகத்தான் பதிவாகும். விசாரிக்க வருபவர் முதலில் தட்டுவது உங்கள் கதவை. அது நானில்லை என்று விளக்கும் வேலை உங்களுடையது. எவ்வளவு தூரம் போகும் என்பது வழக்கைப் பொறுத்தது, அதற்கு வக்கீலைக் கேளுங்கள்.

தண்டையார்பேட்டை டீச்சர் | ஜூன் 14, ஞாயிறு, காலை 9:00

இரண்டாம் வரைவு. கத்திரி போடுங்கள்.

"வணக்கம். உங்கள் வீட்டில் ஆகப் பழைய போன் யாரிடம் இருக்கிறது? பாட்டியிடமா, தம்பியிடமா? இன்று மாலை அந்தப் போனின் செட்டிங்ஸில் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு தேதி இருக்கும். அது 2023 டிசம்பர் 5-க்கு முந்தியது என்றால், பக்கத்தில் நிற்கும் ஒருவர் கீபோர்டு போல நடித்து, அனுமதி கேட்காமலே அந்தப் போனோடு சேர முடியும். புளூடூத் ஆனில் இருந்தால் மட்டும்தான் முடியும். அதனால் அந்தப் போனில் பாட்டு கேட்டு முடித்ததும் புளூடூத்தை அணையுங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸுக்குள் போய் அணையுங்கள், மேலே இழுத்து அணைத்தால் காலை ஐந்து மணிக்கு அது எழுந்துவிடும், உங்களுக்கு முன்னால்.

அடுத்து ஹாட்ஸ்பாட். ஒரு தடவை கொடுத்த பாஸ்வேர்டை நண்பனின் போன் மறக்காது. நீங்கள் அணைக்க மறந்தால் அது தானே ஏறிக்கொள்ளும். டேட்டா தீர்ந்தபின் ஒரு ஹோம்வொர்க் ஃபோட்டோ அனுப்ப ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். நான் இந்தப் பேச்சை இரண்டு தடவை பேசி முடித்தாலும் ஃபோட்டோ போய்ச் சேராது. கொடுத்து முடித்ததும் அணையுங்கள். 12345678 வைத்திருப்பவர்கள் கை தூக்க வேண்டாம், இன்று மாற்றிவிடுங்கள்."

ராயபுரம் சர்வீஸ் கடை | 9:25

கை தூக்க வேண்டாம்னதும் பாதிப் பேர் திரும்பிப் பக்கத்துல இருக்கிறவன பார்ப்பான். நல்லா இருக்கு. ஆனா கீபோர்டு விஷயத்தை ஆறாவது பசங்களுக்குச் சொல்லணுமா? நாலு பேர் அதையே வீட்ல தேடிப் பாத்து செஞ்சு பார்ப்பானே.

பாக்கெட் பார்க்கிறவன் | 9:50

செய்முறை இதில் ஒரு வரிகூட இல்லை. ஓட்டை வெளியே வந்து காலமாகிவிட்டது, மறைத்துப் பயனில்லை. என் அச்சம் வேறு. "அணையுங்கள்" என்றதும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் எல்லோர் போனிலும் அணைப்பார்கள். தாத்தாவின் காது கேட்கும் கருவி போனோடு புளூடூத்தில் பேசிக்கொண்டிருக்கலாம். சர்க்கரை அளக்கும் சென்சாரைக் கையில் ஒட்டியிருப்பவர்களுக்கு அளவு போனுக்குப் போவது அந்த வழியில்தான். அணைந்துவிட்டால் ராத்திரி சர்க்கரை இறங்கும்போது அடிக்க வேண்டிய அலாரம் போனில் அடிக்காது. "அடுத்தவர் போனைக் கேட்காமல் அணைக்காதீர்கள்" என்ற ஒரு வரி கட்டாயம் வேண்டும். இடம் போதாவிட்டால் ஐந்து மணி ஜோக்கை வெட்டுங்கள்.

ராயபுரம் சர்வீஸ் கடை | 10:10

காது மெஷின் நான் யோசிக்கவே இல்ல தம்பி. கீபோர்டு விஷயத்துல எனக்கு இன்னும் ஒப்பல.

தண்டையார்பேட்டை டீச்சர் | 10:40

காது கருவியும் சென்சாரும் உள்ளே, ஜோக் வெளியே. கீபோர்டு இருக்கும், "நடித்து" என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன். தேதியைத் தாளில் எழுதி வரச் சொல்லலாமா?

பாக்கெட் பார்க்கிறவன் | 10:55

வேண்டாம் டீச்சர். யார் வீட்டில் பழைய போன் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். பார்த்தால் போதும்.

வியாசர்பாடி அப்பா | இரவு 7:30

பொத்தானைப் பிடிச்சு அழுத்துனேன். ஏதோ இங்கிலீஷ்ல பேசிச்சு, லைட்டு மின்னிச்சு. அப்புறம் ஒரு மணி நேரமா சத்தம் இல்ல. இப்ப பக்கத்து வீட்டுப் பையன் வந்து கதவத் தட்டி, "அங்கிள், உங்க ஸ்பீக்கர் ஏன் வரமாட்டேங்குது"ன்னு கேக்கறான்.